புல்வெளியில் எடுத்த வெள்ளை நாயின் படத்தை போட்டோஷாப்பில் வெட்டினால் ரோம ஓரமெல்லாம் பச்சையாகத் தெரிகிறது. சுத்தமாக வெட்டுவது எப்படி?

உங்கள் நாயும் பொமரேனியன் வகையாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாயின் படத்தை அடர் மெரூன் பின்னணியில் வைத்துப் பிறந்தநாள் ஆல்பம் செய்துகொடுத்து, நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். திரையில் வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. அச்சாகி வந்த பக்கத்திலோ முதுகு ரோமம் ரம்பப் பல்லைப் போல் வெட்டுண்டு, அதைச் சுற்றிப் பச்சை விளிம்பு ஓடியது. வாடிக்கையாளர் எதுவும் சொல்லாமல் விரலால் அந்த விளிம்பைத் தடவிக் காட்டினார்.

நான் செய்த தவறு Levels-இல் இருந்தது. புல்லில் நீல ஒளி மிகக் குறைவு என்பதால் Channels பலகத்தில் Blue சேனலைப் பார்த்தால் புல் கருமையாகவும் வெள்ளை ரோமம் வெளிச்சமாகவும் தெரியும். அதன் நகலை எடுத்து, அந்த நகலில்தான் நாய் முழு வெள்ளையாகவும் புல் முழுக் கறுப்பாகவும் பிரியும்படி வேலை செய்ய வேண்டும். மூலச் சேனலைத் தொட்டால் படத்தின் நிறமே மாறிவிடும். இதுவரை சரியாகவே செய்தேன். ஆனால் Ctrl+L அழுத்தி, கறுப்பு முனையை 110-க்கும் வெள்ளை முனையை 140-க்கும் நெருக்கிவிட்டேன். இரண்டுக்கும் இடையில் 30 படிகளே எஞ்சியதால், பாதி ஒளி ஊடுருவும் மெல்லிய முடிகள் எல்லாம் ஒன்று முழு வெள்ளையாயின, அல்லது முழுக் கறுப்பாயின. ரம்பப் பல் தோன்றியது அதனால்தான்.

மறுமுறை 60, 190 என்று தளர்த்தி வைத்தேன். எஞ்சியிருந்த சாம்பல் புல்லை Burn கருவியால், Range என்ற இடத்தில் Shadows வைத்து, Exposure 15 விழுக்காட்டில் மெதுவாகத் தேய்த்தேன். முடிகளின் மேல் Dodge கருவியை Highlights வைத்து ஓட்டினேன். Shadows என்ற அமைப்பு கருமையான பகுதிகளையே பெரிதும் பாதிப்பதால் அருகிலுள்ள வெள்ளை முடி அதிகம் கெடுவதில்லை. கண், மூக்கு, உடலின் நடுப்பகுதி ஆகியவற்றை வெள்ளைத் தூரிகையால் நிரப்பிவிடலாம். வயிற்றுப் பக்கம் மட்டும் தனியாக அடம்பிடிக்கும்: புல்லிலிருந்து எதிரொளித்த பச்சை அங்கே ரோமத்தில் ஏறியிருப்பதால் நீலச் சேனலில் அதுவும் இருண்டுவிடும். அந்தப் பகுதியை மட்டும் லாசோவால், சிறிது Feather கொடுத்துச் சுற்றி, அதற்கென்று தனி Levels கொடுத்தேன். பிறகு Ctrl விசையுடன் சேனலின் சிறுபடத்தைச் சொடுக்கித் தேர்வாக்கி, RGB-க்குத் திரும்பி, லேயரில் மாஸ்க் சேர்த்தேன்.

"Select and Mask இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?" என்று பின்னூட்டத்தில் கேட்க ஆள் இருப்பார்கள் என்று தெரியும். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். மங்கலான, சீரான பின்னணி என்றால் Refine Edge Brush ஒன்றே போதும். ஆனால் கூர்மையாகப் பதிவான புல்லில், வெயில் பட்டு வெளுத்த புல்லின் தாளுக்கும் ரோமத்துக்கும் வேறுபாடு தெரியாமல் அது புல்லையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். ஆகவே சேனலில் கிடைத்த மாஸ்க்கை அதற்குள் திறந்து, காது நுனி, வால் போன்ற இடங்களில் மட்டும் தூரிகையை ஓட்டுகிறேன். Smooth, Feather இரண்டையும் 0-விலேயே விடுகிறேன்.

பச்சை விளிம்பு மாஸ்க்கின் குறை அன்று. ரோமத்தின் மேலேயே படிந்த நிறம் அது. Decontaminate Colors அதை நீக்கும் என்றாலும் பிக்சல்களின் நிறத்தையே மாற்றிவிடும் என்பதால் புதிய லேயராகவோ புதிய கோப்பாகவோதான் வெளியே எடுக்க முடியும். நான் நாயின் லேயருக்கு மேல் ஒரு வெற்று லேயரை வைத்து, இரண்டுக்கும் இடைக்கோட்டில் Alt விசையுடன் சொடுக்கி இணைத்து, அதன் கலப்பு முறையை Color என்று மாற்றி, ரோமத்திலிருந்தே எடுத்த வெளிர் மஞ்சள் வெண்மையை ஓரங்களில் பூசுகிறேன். வெளிச்ச அளவு அப்படியே இருக்க, பச்சை மட்டும் மறையும். மெரூன் பின்னணிக்கு இது போதுமானது. வெள்ளைப் பின்னணியில் ஓரம் லேசாகச் சாம்பல் தட்டும். எனவே எந்த நிறத்தில் அச்சாகப் போகிறதோ அதே நிறத்தைக் கீழே வைத்து 100 விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் பாருங்கள்.

கைபேசிச் செயலி வழியாகச் சுருங்கி வந்த படத்தில் இத்தனையும் செய்தாலும் பலன் குறைவே. ஜேபெக் சுருக்கம் நிற விவரத்தைத்தான் முதலில் குறைக்கிறது, அதன் அடி நீலச் சேனலில் கட்டங்கட்டமாகத் தெரியும். அப்படி அனுப்பிவிட்டு "முடி ஏன் உடைந்திருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குகிறேன். புல்லுக்குள் புதைந்த பாதங்களை எந்தச் சேனலும் மீட்டுத் தராது. அந்த ஆல்பத்தில் கால்களை மெரூனுக்குள் மெல்ல மங்கவிட்டேன். மீசை முடிகளும் பெரும்பாலும் தப்புவதில்லை. அவற்றைத் தனி லேயரில் 2 பிக்சல் தூரிகையால் கையாலேயே வரைந்தேன்.