இரண்டாவது ஃபில்டர் முதல் ஃபில்டரைக் கீழே இழுத்த கதை

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கொதிகலத்தின் டெம்பரேச்சர் சிக்னலில் மோட்டார் டிரைவின் இரைச்சல் ஏறுகிறது. 10 கிலோ ஓம், 104 கெப்பாசிட்டர் போட்டு ஒரு ஆர்சி லோ-பாஸ் ஃபில்டர் செய்து, 159 ஹெர்ட்ஸில் 5 வோல்ட் கொடுத்தால் 3.54 வோல்ட் வருகிறது. சரி. அதே மாதிரி இன்னொன்றைப் பின்னால் சேர்த்தால் 0.707-ஐ இரண்டு முறை பெருக்கி 2.5 வோல்ட் வர வேண்டும் அல்லவா? 1.67தான் வருகிறது. கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தும் அதே கதை. எதில் கோளாறு?

பதில்: எதிலும் இல்லை. 1.67தான் சரியான விடை. தப்பு பெருக்கலில் இருக்கிறது. கடைக்குப் போய் இன்னொரு கெப்பாசிட்டர் வாங்கும் முன்னால், புரோபை வெளியீட்டிலிருந்து எடுத்து நடுவில் வையுங்கள். அதாவது முதல் ரெசிஸ்டர், முதல் கெப்பாசிட்டர், இரண்டாவது ரெசிஸ்டர் மூன்றும் சேரும் இடத்தில். இரண்டாவது ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்தால் 3.54 வரும். அந்தக் காலைத் திரும்ப ஒட்டினால் அதே இடத்தில் 2.36-க்கு இறங்கிவிடும். 2.36-ஐ 0.707-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1.67. இரண்டாவது ஃபில்டர் தன் வேலையை அணு பிசகாமல் செய்திருக்கிறது. கீழே இறங்கியது முதல் ஃபில்டர்.

ஏன் இறங்குகிறது? நம்ம ஊர்த் தோட்டத்துத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லிக் குழாய் வழியாக ஒரு தொட்டிக்குத் தண்ணீர் வருகிறது. அந்தத் தொட்டியின் அடியிலிருந்து அதே அளவு ஒல்லிக் குழாய் போட்டு இரண்டாவது தொட்டியை இணைத்தால், முதல் தொட்டி நிரம்பும் வேகம் பழையபடி இருக்காது. இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே முதல் குழாய்தான் தண்ணீர் தர வேண்டும். முதல் ஃபில்டருக்கு 0.707 என்று கணக்குப் போட்டபோது, அதன் வெளியீட்டிலிருந்து யாரும் கரன்ட் எடுக்கவில்லை என்று வைத்துத்தான் போட்டோம். இரண்டாவதைச் சேர்த்த அந்த நிமிஷமே அந்த நிபந்தனை உடைந்துவிட்டது.

அளவாகவே பார்த்துவிடலாம். 159 ஹெர்ட்ஸில் 104 கெப்பாசிட்டரின் தடையும் 10 கிலோ ஓம்தான். முதல் ஃபில்டரைப் பின்னாலிருந்து பார்த்தால் அதன் உள் இம்பீடன்ஸ் 7.07 கிலோ ஓம். இரண்டாவது ஃபில்டர் உள்ளே இழுக்கும் இம்பீடன்ஸ் 14.14 கிலோ ஓம். இந்த அதிர்வெண்ணில் இரண்டின் கோணமும் ஒன்றேதான், மைனஸ் 45 டிகிரி. அதனால் சாதாரண வோல்டேஜ் டிவைடர் மாதிரியே வகுக்கலாம்: 14.14-ஐ 21.21-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. 3.54-இல் மூன்றில் இரண்டு 2.36. மீட்டரில் பார்த்த அதே எண்.

முழுச் சமன்பாடு இதுதான்:

```
H = 1 / (1 + s(R1·C1 + R2·C2 + R1·C2) + s²·R1·C1·R2·C2)
```

தனித்தனியாக எழுதிப் பெருக்கினால் R1·C2 என்ற உறுப்பு மட்டும் வராது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். இரண்டாவது கெப்பாசிட்டருக்கான சார்ஜும் முதல் ரெசிஸ்டர் வழியாகத்தான் வர வேண்டும் என்பதைச் சொல்லும் உறுப்பு அது. உங்கள் கேஸில் அடைப்புக்குள் 2RC வர வேண்டிய இடத்தில் 3RC வருகிறது. 159 ஹெர்ட்ஸில் விடை ½ இல்லாமல் ⅓ ஆனது அதனால்தான். மூன்று டெசிபல் இறங்கும் புள்ளியும் 102 ஹெர்ட்ஸில் இருக்கும் என்று நினைத்தால் 60-க்கு வந்து நிற்கும்.

பெருக்கல் தப்பு என்று இன்னும் நம்பிக்கை வரவில்லையா? இரண்டாவதில் 100 கிலோ ஓமும் 103 கெப்பாசிட்டரும் போடுங்கள். தனியாக அதுவும் 159 ஹெர்ட்ஸ் ஃபில்டர்தான். இப்போது இழுப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, வெளியீடு 2.38 வோல்ட் வரும். அடுத்து இரண்டையும் முன்பின் மாற்றி, 100 கிலோ ஓமை முன்னால் வையுங்கள். வெறும் 0.42 வோல்ட்! பெருக்கலுக்கு வரிசை தெரியாது. எப்படி வைத்தாலும் 2.5 என்றே சொல்லும். தர்மபுரியில் பாலிடெக்னிக் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த மாற்றத்தைத்தான். நாலு பாகம், ஐந்து நிமிஷம், அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒன்று: உங்கள் ஆலை வேலைக்கு இந்த இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. டெம்பரேச்சர் மெதுவாக மாறுகிற சமாச்சாரம். ஏறக்குறைய டிசி என்பதால் கெப்பாசிட்டர் கரன்ட் இழுக்காது, அங்கே லோடிங்கும் கிடையாது. மறுபக்கம் டிரைவின் இரைச்சல் கிலோ ஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கும். 4 கிலோ ஹெர்ட்ஸில் பெருக்கிப் பார்த்தாலும் முழுச் சமன்பாட்டில் போட்டாலும் 5 வோல்ட் சுமார் 8 மில்லி வோல்ட்டாகத்தான் குறைகிறது. அந்த உயரத்தில் முதல் கெப்பாசிட்டரே கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடுவதால், இரண்டாவது எவ்வளவு இழுத்தாலும் அது அசையாது. கணக்கு கெடுவது நடுவில் மட்டும். 100 ஹெர்ட்ஸ் வாக்கில் அதிர்வு சிக்னல் எதையாவது இதே ஃபில்டரில் அளக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். 72 சதவீதம் வரும் என்று நினைத்த இடத்தில் 50 சதவீதம்தான் வரும்.

அப்படி ஒரு வேலை வந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆப்-ஆம்ப்பை வோல்டேஜ் ஃபாலோயராகப் போட்டுவிடுங்கள். அது முதல் ஃபில்டரிலிருந்து கரன்ட் எடுக்காது. அப்போதுதான் பெருக்கல் செல்லும், 2.5 வோல்ட்டும் வரும். எல்எம்358 தாராளமாகப் போதும். ஆனால் அதற்கு ஒற்றை 5 வோல்ட் சப்ளை மட்டும் கொடுத்தால் வெளியீடு 3.5 வோல்ட் பக்கத்திலேயே முட்டி நின்றுவிடும், சைன் அலையின் தலை வெட்டப்படும். 12 வோல்ட் கொடுங்கள். சிக்னல் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகுமானால் மைனஸ் சப்ளையும் வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் கவலைப்பட்டிருக்கக்கூடியது வேறு ஒன்று. ஃபில்டருக்கு அடுத்து சிக்னல் பிஎல்சி-யின் அனலாக் இன்புட்டுக்குத்தானே போகிறது? அதுவும் ஒரு லோடுதான், அதுவும் டிசியிலேயே இழுக்கிற லோடு. கார்டின் கையேட்டில் இன்புட் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். அது 100 கிலோ ஓம் என்றால், உங்கள் இரண்டு 10 கிலோ ஓமும் சேர்ந்து அளவை 17 சதவீதம் குறைத்துக் காட்டும். 100 கிலோ ஓம் மாற்றத்தை அப்படியே விட்டுவைத்தால் பாதிக்கும் கீழே போய்விடும். ஃபாலோயர் ஒன்றுதான் போட முடியும் என்றால் நடுவில் போடாதீர்கள், கடைசியில் போடுங்கள்.