காரணத்தை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

கேள்வி: கிரெடிட் கார்டில் வாடகை கட்டினால் ஜூலை 1 முதல் 1 சதவீதக் கட்டணம் என்று ஜூன் 12 அன்று எஸ்.எம்.எஸ். வந்தது. ஜூலை 3 அன்று 20,000 ரூபாய் கட்டினேன். 236 ரூபாய் பிடித்துவிட்டார்கள். கேட்டால் 'செலவு கூடிவிட்டது' என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: செலவு கூடியதா என்று நீங்களும் நானும் அளந்து பார்க்க முடியாது. வங்கியின் வணிக முடிவில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் தலையிடமாட்டார். வங்கி சறுக்கியது தேதியில். கார்டு கட்டணத்தை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், இனி வரும் செலவுகளுக்குத்தான் அது பொருந்தும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி. ஜூன் 12இலிருந்து எண்ணினால் ஜூலை 12க்கு முன் பிடித்திருக்கக் கூடாது. கட்டணம் 200, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 36, இரண்டையும் திருப்பிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மே மாத ஸ்டேட்மென்ட்டோடு மின்னஞ்சலில் இதே அறிவிப்பு வந்திருந்தால், எஸ்.எம்.எஸ். வெறும் நினைவூட்டல்; வாதம் விழுந்துவிடும். அதைத் தேடிப் பார்த்த பிறகு, வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் எஸ்.எம்.எஸ். ஸ்கிரீன்ஷாட்டோடு பதியுங்கள்.

கேள்வி: வங்கி எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் படிக்காமலே அழித்துவிடுவேன். அறிவிப்பு வரவில்லை என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், அனுப்பிய பதிவை வங்கி எடுத்து நீட்டும் வரை.

கேள்வி: புதிய கட்டணம் கட்டுப்படியாகாது. கார்டை ஒப்படைக்கிறேன் என்றால், மூடுவதற்கும் கட்டணம் உண்டு என்கிறார் கால் சென்டர்காரர்.

பதில்: தவறு. பாதகமான மாற்றத்தால் கார்டை ஒப்படைப்பவரிடம் மூடும் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. பாக்கியை மட்டும் முழுதாகத் தீர்க்க வேண்டும். இ.எம்.ஐ. மீதியும் பாக்கிதான், அதை மறந்துவிட்டு 'மூடவில்லை' என்று எழுதுகிறவர்கள் அதிகம். பாக்கி இல்லாமல் கோரிக்கை கொடுத்து 7 வேலை நாள் தாண்டினால், மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். அதனால் போனில் சொல்லி விடாதீர்கள், தேதி பதியும்படி மின்னஞ்சலில் கேளுங்கள்.

என் ஆதங்கம் இந்த அறிவிப்புகளின் மொழி பற்றியது. 'கட்டணங்கள் திருத்தப்பட்டுள்ளன, விவரம் இணையதளத்தில்' என்று ஒரு வரி. பழைய கட்டணம் எவ்வளவு, புதியது எவ்வளவு, எந்தச் செலவுக்கு, என்றிலிருந்து என்ற நாலும் அதில் இருக்காது. 'வாழ்நாள் இலவசம்' என்று நம்பி வாங்கிய கார்டு ஒன்று என் மேஜையிலும் கிடக்கிறது. அப்படி ஒரு வரி வந்த அன்றே இணையதளத்தின் கட்டணப் பட்டியலைத் தேதியோடு சேமித்துவிடுங்கள். அடுத்த மாதம் பழைய பட்டியல் அங்கே இருக்காது.