தேர்வுக்கு முந்தின மாலை என்ன பேசுவது?

வணக்கம் ஐயா. அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணிதப் பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் மாலை பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் காணொளி அனுப்ப ஆசை. எழுதிப் பார்த்தால் ஆண்டு விழாப் பேச்சு மாதிரி வருகிறது. 'பயப்படாதீங்க, உங்களால முடியும்' என்பதைத் தாண்டி என்ன சொல்வது? நாலைந்து பேர் தேறுவார்களா என்றே கவலையாக இருக்கிறது.
ஒரு கணித ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த நாலைந்து பேருக்காகவே எழுதுங்கள். நூறு வாங்கப்போகிற பிள்ளைக்கு உங்கள் காணொளி ஒரு மகிழ்ச்சி, அவ்வளவுதான். புத்தகத்தை மூடவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத்தான் அது உண்மையில் தேவை. 'எல்லாரும் 100க்கு 100 எடுக்கணும்' என்று நீங்கள் தொடங்கினால், இது நமக்கில்லை என்று அந்தப் பிள்ளை போனைக் கீழே வைத்துவிடும்.

தேர்வுக்கு முந்தின நாள் பயம் பெரும்பாலும், நாளை அந்த அறையில் என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. அதனால் முதல் கால் மணி நேரத்தை அவர்கள் கண்முன் நடத்திக் காட்டுங்கள். மேடைத் தமிழ் வேண்டாம், வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசுங்கள்:

"பிள்ளைங்களா, நாளைக்கு 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் 10 நிமிஷம் படிக்கிறதுக்கு மட்டும்தான். நேரா கடைசிக்குப் போங்க. 43 வடிவியல், 44 வரைபடம். ரெண்டுலயும் 'அல்லது' இருக்கும். எதைப் போடப்போறோம்னு அங்கேயே முடிவு பண்ணிடுங்க. அடுத்த 5 நிமிஷம் முகப்புத்தாள்ல பேர், பதிவெண், போட்டோ எல்லாம் உங்களோடதுதானான்னு பாருங்க. 10.15க்கு எழுத ஆரம்பிங்க. அப்புறம் முழுசா 3 மணி நேரம் இருக்கு."

கடைசி வினாக்களை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்றாம் வினாவிலிருந்து படித்தால் தெரியாத ஒரு மதிப்பெண் வினா ஒன்று கண்ணில் பட்டு மனம் கலங்கிவிடும். வடிவியலும் வரைபடமும் நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியவை. தெரிந்த ஒன்றைப் பார்த்துவிட்டுத் தொடங்குகிற கை நடுங்காது.

அடுத்து, தேறுவோமா என்று பயப்படுகிற பிள்ளைக்கு ஒரு கணக்கு. இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொல்லுங்கள்:

"ஒரு மதிப்பெண் கேள்வி 14ல உனக்கு 10 தெரியும்னு வச்சுக்கோ. 10 மதிப்பெண். வடிவியல் 8, வரைபடம் 8. இப்போ 26 ஆச்சு. ரெண்டு மதிப்பெண் கேள்வியில அஞ்சே அஞ்சு சரியாப் போடு, இன்னொரு 10. மொத்தம் 36. தேற 35 போதும். அஞ்சு மதிப்பெண் கேள்விய இன்னும் நாம தொடவே இல்ல, பாத்தியா? அதுல தெரிஞ்ச சூத்திரத்தை எழுது, எண்ணைப் போடு, போற வரைக்கும் போ. படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. வெறுமனே விட்டுட்டு மட்டும் வராத."

இதில் ஒரு கவனம் வேண்டும். இது அந்த நாலைந்து பேருக்கான கணக்கு. நன்றாகப் படிக்கிறவர்கள் இதை இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'இது அடிப்படை, மேலே உங்க இஷ்டம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பிறகு, மதிப்பெண் சும்மா போகிற இடங்கள் ஒன்றிரண்டை மட்டும் நினைவூட்டுங்கள். ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டோடு விடையையும் எழுத வேண்டும். வரைபடத்தில் அளவுத்திட்டத்தையும், வடிவியலில் உதவிப்படத்தையும் விடக் கூடாது. 28ஆம், 42ஆம் வினாக்கள் கட்டாயம். இவற்றுக்கு மேல் அடுக்காதீர்கள். புதிய சூத்திரம், 'இது கண்டிப்பா வரும்' என்கிற ஊகம் இரண்டும் வேண்டவே வேண்டாம். ஊகித்த வினா வராவிட்டால், அந்த ஏமாற்றத்திலேயே பிள்ளைக்கு அரை மணி நேரம் போய்விடும்.

காணொளியை வீட்டில் பெற்றோரும் பார்ப்பார்கள். அவர்களுக்கும் ஒரு வரி சொல்லுங்கள்: "நாளைக்குப் பிள்ளை வந்ததும் 'எத்தனை வரும்'னு கேக்காதீங்க. முதல்ல சாப்பிடச் சொல்லுங்க." முடிந்த தாளைத் தோண்டிக்கொண்டிருந்தால் அடுத்த தாளுக்கான படிப்பு கெடும்.

நீங்கள் அழைக்கிற பெயர்களிலேயே எல்லாரையும் ஒருமுறை கூப்பிட்டு முடியுங்கள். முதலிடம் வாங்குகிறவர்களின் பெயரை மட்டும் சொல்லிவிட வேண்டாம். மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிடுங்கள். ராத்திரி வந்தால், தூங்க வேண்டிய பிள்ளை போனோடு உட்கார்ந்துவிடும்.