ஒடுங்கல் பாடத்தில் ஐந்து கட்டமும் 40 நிமிடத்தில் முடியவில்லை

"தரம் 7. ஐஸ் போட்ட கிளாஸைக் காட்டியதும் 'தண்ணி கசியுது சேர்' என்கிறார்கள். விளக்கியே பாடவேளை முடிகிறது. நுவரெலியா."

சேர், அந்தக் 'கசியுது'தான் ஐந்து கட்டங்களில் முதலாவதான உங்கள் ஈடுபடுத்தல். உடனே திருத்தாதீர்கள், பலகையில் எழுதி வையுங்கள்.

கண்டறிதலில் ஒரு கிளாஸில் ஆறிய சாயத்தண்ணியும் ஐஸும், இன்னொன்றில் ஐஸ் இல்லாத சாயம். இரண்டின் வெளிப்புறத்தையும் துடைத்துவிட்டுப் பார்க்கட்டும். சற்று நேரத்தில் ஐஸ் கிளாஸில் மட்டும் துளி வரும். வெள்ளைத் தாளால் ஒற்றினால் நிறம் இருக்காது. கசிந்திருந்தால் சாயமல்லவா வரும்? கிளாஸை நிரப்ப வேண்டாம், வழிந்தால் குழப்பம்தான்.

விளக்கத்தில் முதலில் பிள்ளைகள் பேசட்டும். நீராவி, ஒடுங்கல் என்ற சொற்கள் அதற்குப் பிறகு. இத்தோடு நிறுத்துங்கள்.

விரிவாக்கலை அடுத்த பாடவேளைக்கு வையுங்கள்: குளிரில் பஸ் கண்ணாடி எந்தப் பக்கம் மங்குகிறது, ஏன்? மதிப்பிடலுக்குச் சுடுதேநீர் மூடியின் உட்புறத் துளிகளைப் படம் வரைந்து விளக்கச் சொல்லுங்கள்.