20 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ உப்பு போட்டால் 10 சதவீதம்தானா?

கேள்வி: காற்றில் உதிர்ந்த கிளிமூக்கு மாங்காயைத் துண்டு போட்டு, 30 கிலோவை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். 20 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ கல் உப்பு, 10 சதவீதக் கணக்கு. பன்னிரண்டாம் நாள் மேலே வெள்ளையாக ஆடை கட்டி, மேல் துண்டுகள் கொழகொழ என்று ஆகிவிட்டன. எவ்வளவு தண்ணீர் எடுத்தாலும் உப்பைச் சரியாகக் கணக்குப் போடுவது எப்படி?

பதில்: உப்பில் குறை இல்லைங்க, கணக்கு இரண்டு இடத்தில் வழுக்கியிருக்கிறது.

முதல் இடம் சின்னது. எடைச் சதவீதம் என்றால் கரைந்து முடிந்த மொத்த உப்புநீரின் எடையில் உப்பு எவ்வளவு என்பது, தண்ணீரின் எடையில் அல்ல. 20 கிலோ தண்ணீரும் 2 கிலோ உப்பும் சேர்ந்து 22 கிலோ ஆகிறது. அதில் 2 கிலோ என்றால் 9.1 சதவீதம்தான். சரியான 10 சதவீதம் வேண்டுமென்றால் மொத்தத்தில் 10 பங்கு உப்பு, 90 பங்கு தண்ணீர், அதனால் தண்ணீர் எடையை 10-ஆல் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும்:

உப்பு = தண்ணீர் × சதவீதம் ÷ (100 − சதவீதம்)

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் லிட்டருக்கு 10 சதவீதத்துக்கு 111 கிராம், 15-க்கு 176, 20-க்கு 250. இந்த மூன்றையும் டிரம் மேல் எழுதி வைத்துவிட்டால் 7 லிட்டரோ 70 லிட்டரோ, பெருக்கினால் போதும்.

உங்கள் மாங்காயைக் கெடுத்தது இரண்டாவது இடம். துண்டுக்குள்ளேயும் தண்ணீர் இருக்கிறதே, பச்சை மாங்காயில் பெரும்பகுதி அதுதான். உப்பு உள்ளே போகும், உள்ளிருக்கும் நீர் வெளியே வரும், சில நாளில் இரண்டு பக்கமும் ஒரே உப்பில் வந்து நிற்கும். அப்போது உங்கள் 2 கிலோ உப்பு 20 கிலோ தண்ணீருக்கு மட்டும் இல்லை, மாங்காயையும் சேர்த்து 52 கிலோவுக்குப் பங்காகிறது, அதாவது 4 சதவீதம்கூட இல்லை. நீங்கள் பார்த்த வெள்ளை ஆடை ஒரு வகை ஈஸ்ட். அந்த உப்பில் அது தாராளமாக வளரும், வளர்ந்து புளிப்பைத் தின்னும். புளிப்பு குறைந்தால் மற்ற கிருமிகளுக்கு வழி திறந்துவிடும், துண்டும் இளகும்.

மாதக்கணக்கில் வைத்து விற்க நினைத்தால் கடைசியில் வந்து நிற்கும் உப்பு 15 சதவீதம் இருக்க வேண்டும். அதே சூத்திரம்தான், தண்ணீர் இருந்த இடத்தில் தண்ணீரையும் காயையும் சேர்த்துப் போடுங்கள். உங்களுக்கு 50 × 15 ÷ 85, கிட்டத்தட்ட 8.8 கிலோ. காயில் கொஞ்சம் நாரும் சர்க்கரையும் இருப்பதால் இது இம்மி கூடுதலாகத்தான் வரும், பரவாயில்லை.

ஆனால் 8.8 கிலோவை 20 லிட்டரில் ஒரே நாளில் கொட்டினால் கரையாது, லிட்டருக்கு 360 கிராமுக்கு மேல் தண்ணீர் உப்பை ஏற்காது, மிச்சம் அடியில் படிந்து கிடக்கும், மேல் துண்டுகளுக்கு உப்பே போகாது. அதனால் முதல் நாள் 20 சதவீத உப்புநீர், அதாவது 5 கிலோ. அடுத்த நான்கு நாளும் தினம் 950 கிராம் போல மேலே தூவிக் கிளறிவிடுங்கள், காயிலிருந்து வரும் நீரே அதைக் கரைத்துக்கொள்ளும். துண்டுகள் மேலே மிதக்காமல் ஒரு தட்டும் கனமும் வைத்து அமுக்கி வையுங்கள், ஆடை கட்டுவது காற்றுப் படும் இடத்தில்தான். (மாவடு போடுகிறவர்கள் தண்ணீரே சேர்க்காமல் உப்பைப் போட்டுக் குலுக்குவது வேறு கணக்கு, அங்கே வடு சுருங்குவதுதான் வேண்டும்.)

உப்பைத் தராசில் நிறுத்தே போடுங்கள். படியால் அளந்தால் கல் உப்பும் தூள் உப்பும் ஒரே எடை வராது. ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் எடையில் ஏறிவிடும், அதனால் ஒரு நாள் வெயிலில் காயவைத்து நிறுங்கள். முட்டை மிதந்தால் சரி என்பதை நம்ப வேண்டாம், புது முட்டை 11 சதவீதம் வாக்கில் மிதக்கும், பழைய முட்டை அதற்கு முன்பே மிதக்கும். உப்புநீரில் மிதக்கவிட்டு உப்பை அளக்கும் சாலோமீட்டர் வாங்கினால் ஒன்று கவனிக்கணும்: அதில் 100 என்பது உப்பு இனிக் கரையாத நிலை, அதாவது 26 சதவீதம் சொச்சம். அதனால் 15 சதவீதத்துக்கு அது 57 காட்ட வேண்டும். 15 காட்டுகிறதே என்று நிறுத்தினால் உங்கள் டிரம்மில் இருப்பது 4 சதவீதம்தான், இப்போது நடந்ததே மறுபடியும் நடக்கும்.

இந்த டிரம்மில் கொழகொழத்தது உப்பு ஏற்றினாலும் திரும்ப இறுகாது. இந்தச் சரக்கை விற்க வேண்டாம், கொட்டிவிட்டு டிரம்மை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து அடுத்த காயைப் போடுங்கள்.