மூன்று சண்டை, ஒரே ஷீட்

"அண்ணா, இங்கிலாந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கரண்ட் பில், பார்க்கிங் அபராதம், பேங்க் என்று ஒரே நேரத்தில் மூன்று புகார் ஓடுகிறது. எதற்கு எப்போது பதில் போட வேண்டும் என்றே தெரியாமல் குழம்புகிறேன். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

தம்பி, ஒரு கூகுள் ஷீட் போடுங்கள், ஒரு புகாருக்கு ஒரு வரி. எல்லோரும் தாங்கள் என்றைக்கு எழுதினோம் என்பதை மட்டும் குறித்து வைப்பார்கள். அது போதாது. அடுத்த கெடு என்றைக்கு, அது அவர்களுக்கா நமக்கா, இந்த இரண்டு கட்டமும் கட்டாயம் வேண்டும். அவர்கள் கெடு தாண்டினால் நமக்கு அடுத்த கதவு திறக்கும், நம் கெடு தாண்டினால் இருக்கிற கதவும் மூடிவிடும்.

உங்கள் மூன்றையே எடுத்துக்கொள்வோம், தேதிகள் மட்டும் உதாரணத்துக்கு. கரண்ட் கம்பெனியிடம் மார்ச் 3 அன்று புகார் கொடுத்தீர்கள் என்றால் 8 வாரம், அதாவது ஏப்ரல் 28 வரை அவர்களுக்கு நேரம். அதற்குள் தீரவில்லை என்றால், கம்பெனிக்கு வெளியே நின்று புகாரைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். நடுவில் "இதற்கு மேல் எங்களால் முடியாது" என்று டெட்லாக் கடிதம் வந்துவிட்டால் 8 வாரம் காத்திருக்க வேண்டாம், ஆனால் அன்றிலிருந்து 12 மாதக் கெடு உங்கள் தலையில் விழுகிறது, அதனால் அந்த வரியை உடனே மாற்றிவிடுங்கள். இன்னொன்று, போனில் புலம்புவதோடு விடாதீர்கள். "இதை புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி, புகார் எண் வாங்கிய நாளை எழுதுங்கள். பில்லில் இருக்கும் அக்கவுண்ட் நம்பர் வேறு, புகார் எண் வேறு, ஆம்பட்ஸ்மேன் தரும் கேஸ் நம்பர் வேறு. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

பார்க்கிங்கில் முதலில் கடிதம் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். கவுன்சில் அனுப்புவதும் PCN, தனியார் கம்பெனி அனுப்புவதும் PCN, ஆனால் வழி முற்றிலும் வேறு. தனியார் என்றால் முதலில் கம்பெனியிடமே அப்பீல். அவர்கள் நிராகரித்து, தனியார் பார்க்கிங் அப்பீலை வெளியிலிருந்து விசாரிக்கும் POPLA-வுக்கான 10 இலக்க எண் கொடுத்தால், அந்த நிராகரிப்புத் தேதியிலிருந்து 28 நாள் உங்கள் கெடு. கடிதம் மார்ச் 17 என்றால் ஏப்ரல் 14. கையில் கிடைத்த நாளை எண்ணாதீர்கள், கடிதத்தில் அச்சான தேதியை எண்ணுங்கள்.

பேங்க்தான் என்னைக் கவிழ்த்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேங்குக்கும் பதில் தர 8 வாரம். ஃபைனல் ரெஸ்பான்ஸ் என்று கடிதம் வந்துவிட்டால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மேனிடம் போக வேண்டும். நான் அந்தக் கடிதத்துக்குப் பிறகும் விடாமல் மெயில் போட்டேன், அவர்களும் மரியாதையாகப் பதில் போட்டார்கள், நான் கடைசி மெயில் வந்த நாளிலிருந்து 6 மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன். கெடுவோ முதல் கடிதத்திலிருந்தே ஓடியிருக்கிறது. தாமதம் என்று சொல்லி வழக்கை எடுக்கவில்லை, 340 பவுண்ட் போனது, இன்றைக்கும் வயிறு எரிகிறது. அப்புறம் ஃபைனல் ரெஸ்பான்ஸ் தேதிக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டேன், ஒரு தடவை எழுதினால் அதைத் திருத்துவதே இல்லை.

கெடுவை விரலில் எண்ணாமல் ஷீட்டையே எண்ண விடுங்கள். கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறதோ அந்தத் தேதி C கட்டத்தில் என்றால், கரண்ட், பேங்க், பார்க்கிங் என்ற வரிசையில்:

```
=C2+56
=EDATE(C3,6)
=C4+28
```

பேங்குக்கு 6 மாதம் என்பதை 180 நாள் என்று போட்டால் நாள் தப்பும், அதற்குத்தான் EDATE.

ஒரு ஆபத்து உண்டு. ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் 05/06 என்று நீங்கள் ஜூன் 5-ஐ எழுத, அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும், சத்தமே இருக்காது. 17/03 என்று எழுதினால் 17-வது மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக நின்று, கட்டத்தின் இடது பக்கம் ஒட்டிக்கொள்ளும். உண்மையான தேதி வலது பக்கம் ஒட்டும். இடது பக்கம் ஒன்று தெரிந்தாலே சந்தேகப்படுங்கள், File, Settings, Locale போய் United Kingdom என்று மாற்றிவிட்டு எல்லாத் தேதியையும் மறுபடி சரிபாருங்கள்.

பிறகு கெடுக் கட்டத்தை வைத்து வரிசைப்படுத்தினால் பார்க்கிங் மேலே வரும், கரண்ட் அடுத்து, பேங்க் கடைசி. போன் காலண்டரில் நம் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாலும், அவர்கள் கெடுவுக்கு மறுநாளும் அலாரம் வையுங்கள். நான் ஞாயிறு காலை காபியோடு பத்து நிமிடம் பார்ப்பேன், யாரிடம் என்றைக்குப் பேசினேன், என்ன சொன்னார்கள் என்று கடைசிக் கட்டத்தில் ஒரு வரி சேர்ப்பேன். இன்று முதலில் பார்க்கிங் கடிதத்தை எடுத்து, மேல் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மூன்றில் உங்களுக்கு நேரம் குறைவாக இருப்பது அதற்குத்தான்.