36M படமும் பாட்டில் அடி எண்ணும்: சென்ட் கேள்வி பதில்

வில்லாபுரம்: அண்ணே, மச்சான் 2022ல துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட். பிரிக்காம வச்சிருந்து போன தீபாவளிக்குத்தான் திறந்தேன். அட்டையில மூடி திறந்த டப்பா படம், அதுக்குள்ள 36M. மூணு வருஷம் முடிஞ்சுபோச்சா? பாட்டில் அடியில 2145னு இருக்கு.

பதில்: முடியல தம்பி. M மாதக்கணக்கு. நீங்க முதல் தடவை அடிச்ச நாள்லேருந்துதான் 36 மாசம் ஓடும், அதனால போன தீபாவளியிலிருந்து எண்ணுங்க. பிரிக்காம எவ்வளவு நாள் கிடந்துச்சுன்னு அந்தப் படம் சொல்லாது. ஐரோப்பிய விதிப்படி, பிரிக்காம 30 மாசத்துக்கு மேல தாங்குற சரக்குக்குக் கடைசித் தேதி போட வேண்டியதில்லை, டப்பா படம் போதும். நம்ம ஊர்ல விக்கிறதுல எந்த மாசம், வருஷத்துக்குள்ள பயன்படுத்தணும்னு இருக்கணும். துபாய் பாட்டில்ல அதைத் தேடி அலையாதீங்க.

2145 பேட்ச் நம்பர். அட்டையிலயும் அதே எண் இருக்கான்னு முதல்ல பாருங்க. மாறியிருந்தா அட்டை வேற, பாட்டில் வேறன்னு சந்தேகப்படணும். சில கம்பெனி வருஷத்தோட கடைசி இலக்கத்தையும், அந்த வருஷத்தோட எத்தனையாவது நாள்ங்கிறதையும் சேர்த்துப் போடும். அப்படின்னா இது 2022ல 145வது நாள், மே 25. ஆனா 2012க்கும் இதே எண்தான் வரும்! வேற கம்பெனியில இதுக்கு அர்த்தமே வேற. எண்ணைப் படம் எடுத்துக் கம்பெனிக்கே அனுப்பிக் கேக்குறதுதான் உறுதி.

சிம்மக்கல்: உள்ள இருக்கறது ஆல்கஹால். சென்ட் கெடவே கெடாதுங்க.

பதில்: பாதி சரி. கிருமி வளராது. ஆனா காத்தும் வெளிச்சமும் சூடும் வாசனை எண்ணெயை மாத்திடும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைதான் முதல்ல போகும். அடிச்சவுடனே நெயில் பாலிஷ் மாதிரி புளிச்ச நெடி வந்து, அரை மணி நேரத்துல பழைய வாசனை தெரிஞ்சா, முதல்ல எழும்புற வாசனை கெட ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் தோல்ல போடாதீங்க, அரிப்பு வரலாம். நிறம் கருத்தது மட்டும்னா பயமில்ல. வெனிலா சேர்ந்தது கருக்கத்தான் செய்யும்.

திருமங்கலம்: எங்க கடை சரக்குல கோடு போட்ட இடத்துல 890னு தொடங்குது. அதுதானே பேட்ச்?

பதில்: அது பார்கோடு. அந்தச் சரக்கு எல்லாத்துக்கும் ஒரே எண், தேதி தெரியாது.

அனுப்பானடி: என் அத்தர் குப்பியில படமே இல்லை. பீரோ மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கு. சித்திரையில தொட்டாலே சுடும். இந்தச் சூட்டுக்கு ஆயுசுல எத்தனை மாசம் குறைச்சுக்கணும்?

பதில்: அந்தக் கணக்கு யாரும் போட்டுத் தரமாட்டாங்கம்மா. கீழ் அறையில அட்டையோட வைங்க, மாசம் ஒருக்கா மோந்து பாருங்க.

சிம்மக்கல்: என்கிட்ட பதினஞ்சு வருஷப் பாட்டில் இன்னும் கமகமன்னு இருக்கே!

பதில்: இருக்கும். 36M கம்பெனி பொறுப்பேத்துக்கிற காலம், அவ்வளவுதான். உங்க பாட்டில் இருட்டுல கிடந்துச்சா?

சிம்மக்கல்: கல்யாணப் பட்டுச்சேலைக்கு அடியில.